ஸ்கேனில் தெரியும் பழைய இரத்தம்: சாக்லேட் கட்டியும் "கிரவுண்ட் கிளாஸ்" தோற்றமும்

பெண்களின் அடிவயிற்று ஸ்கேன் அறிக்கையில் சில நேரம் இப்படி ஒரு வரி வரும்: "வலது சினைப்பையில் கிரவுண்ட் கிளாஸ் எக்கோக்கள் கொண்ட சிஸ்ட், எண்டோமெட்ரியோமாவாக இருக்கலாம்." மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு இணைத்திருக்கும் அறிக்கைகளில் இந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். மனுவைக் கொண்டு வருபவர் பெரும்பாலும் கணவராகவோ வாப்பாவாகவோ இருப்பார். அந்த வரியில் அவர்களுக்குப் புரிவது "சிஸ்ட்" என்ற ஒரு சொல் மட்டும்தான். சிஸ்ட் என்றால் கட்டி, கட்டி என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் பணம் என்று ஒரே மூச்சில் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த வரியில் மிக முக்கியமான சொல் "கிரவுண்ட் கிளாஸ்" என்பதுதான். அவசரம் உண்டா இல்லையா என்று யோசிக்க உதவும் சொல் அது. நம் மருத்துவ உதவிக் குழுவில் இருக்கும் மகப்பேறு மருத்துவர் சகோதரியும், ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் ஒருவரும் பொறுமையாக விளக்கியதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கட்டிக்குள் இரத்தம் எப்படி வந்தது?

கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. ஒவ்வொரு மாதமும் அது தடித்து வளரும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறும். இதே வகைத் திசு கருப்பைக்கு வெளியே, அதாவது வயிற்றின் உட்சுவரிலோ, குடலின் மேலோ, சினைப்பையிலோ ஒட்டி வளர்ந்தால் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். இடம் மாறிப் போனாலும் அது தன் குணத்தை விடுவதில்லை. மாதாமாதம் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அதுவும் கசிகிறது. கருப்பைக்குள் கசியும் இரத்தத்துக்கு வெளியேற வழி இருக்கிறது. சினைப்பையில் கசியும் இரத்தத்துக்கு வழி இல்லை. அது அங்கேயே தேங்கி, அடுத்த மாதக் கசிவும் அதன்மேல் சேர்ந்து, மெல்ல ஒரு பை போல ஆகிறது. அதுதான் எண்டோமெட்ரியோமா.

தேங்கிய இரத்தம் சிவப்பாகவே இருப்பதில்லை. அதிலுள்ள நீரை உடல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. சிவப்பணுக்கள் உடைகின்றன. அவற்றின் இரும்புச் சத்து சிதைந்து பழுப்பு நிறமாகிறது. பல மாதங்கள் கழித்துப் பையைத் திறந்து பார்த்தால் உருக்கிய சாக்லேட் போலக் கெட்டியான பழுப்புக் குழம்பு வழியும். அமெரிக்காவின் ஆல்பனி நகரத்தைச் சேர்ந்த ஜான் சாம்ப்சன் என்ற அறுவை மருத்துவர் 1921-ல் இந்தக் கட்டிகளை விரிவாக விவரித்து எழுதியபோதே "சாக்லேட்" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் வருவதால்தான் இந்த நோய் உண்டாகிறது என்ற கருத்தையும் 1927-ல் அவரே முன்வைத்தார். அப்படிப் பின்னோக்கி வருவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, ஆனால் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆகவே அந்தக் கருத்து முழு விளக்கம் ஆகாது என்றாலும் இன்றும் முதலில் சொல்லப்படுவது அதுதான்.

பெயரைக் கேட்டுவிட்டு, "பிள்ளை சின்ன வயதில் சாக்லேட் நிறைய சாப்பிடும், அதனாலா?" என்று கேட்ட உம்மாக்கள் உண்டு. சாப்பாட்டுக்கும் இந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைவிட அதிகமாக நடக்கும் குழப்பம் வேறொன்று. நம் ஊரில் "நீர்க்கட்டி" என்றால் பி.சி.ஓ.டி. என்றே புரிந்துகொள்கிறார்கள். பி.சி.ஓ.டி.யில் இருப்பவை முதிராத சிறு சிறு முட்டைப் பைகள். அவை நோய்க்கட்டிகள் அல்ல, அவற்றுக்குள் இரத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பி.சி.ஓ.டி.க்குச் சாப்பிட்ட மாத்திரையைச் சாக்லேட் கட்டிக்குக் கேட்டு வாங்குவது வீண்.

ஒலி பழைய இரத்தத்தைப் பார்க்கும் விதம்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்பது ஒளிப்படம் அல்ல. நம் காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவது. எதிரொலி பலமாக வந்த இடம் திரையில் வெள்ளையாகவும், எதிரொலியே வராத இடம் கறுப்பாகவும் தெரியும். சுத்தமான நீர் நிறைந்த பைக்குள் ஒலி எதிலும் மோதாமல் போய்விடுகிறது. அதனால் சாதாரண நீர்க்கட்டி மை ஊற்றியது போல முழுக் கறுப்பாகத் தெரியும்.

பழைய இரத்தத்தில் அப்படி இல்லை. உடைந்த அணுக்களும் அவற்றின் சிதைவுத் துகள்களும் கெட்டியான திரவத்தில் எங்கும் ஒரே சீராகக் கலந்து மிதக்கின்றன. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் ஏறக்குறைய 6 மெகாஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தினால் அதன் அலைநீளம் உடலுக்குள் கால் மில்லிமீட்டர்தான். அந்தத் துகள்களோ அதைவிடப் பன்மடங்கு சிறியவை. அவற்றைத் தனித்தனியாகக் கருவியால் காட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு துகளும் ஒலியைச் சிறிது சிறிதாக எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அந்தச் சிதறல்கள் எல்லாம் சேர்ந்து பை முழுவதும் ஒரே மாதிரியான மங்கிய சாம்பல் நிறத்தைத் தருகின்றன. குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற தேய்த்த கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. எங்கே பார்த்தாலும் ஒரே மங்கல். இந்த ஒப்புமையால்தான் "கிரவுண்ட் கிளாஸ்" என்ற பெயர் வந்தது.

இதில் "ஒரே சீராக" என்பதே உயிரான சொல். சாம்பல் நிறம் மட்டும் இருந்தால் போதாது. ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வலை, ஓரிடத்தில் வெள்ளைத் திட்டு என்று கலவையாக இருந்தால் அது வேறு கதை. இன்னொன்று, சாம்பலாக இருந்தாலும் உள்ளே இருப்பது திரவம்தான் என்பதால் ஒலி அதைக் கடந்து சுலபமாகப் போகும். அதனால் கட்டிக்குப் பின்னால் உள்ள பகுதி சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். திடமான கட்டி ஒன்றும் சாம்பலாகத் தெரியலாம். இரண்டையும் பிரிக்க ஸ்கேன் மருத்துவர் இந்தப் பின்வெளிச்சத்தைப் பார்க்கிறார். கூடவே இரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளரையும் போட்டுப் பார்க்கிறார். திடக் கட்டிக்குள் இரத்தக் குழாய்கள் இருக்கும், தேங்கிய குழம்புக்குள் இருக்காது. கட்டியின் சுவரில் மட்டும் கொஞ்சம் ஓட்டம் தெரியலாம், அது இயல்பு.

சினைப்பைக் கட்டிகளை விவரிக்க உலகம் முழுவதும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக ஐயோட்டா என்ற ஆய்வுக் குழு 2000-ல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. இன்று நம் ஊர் அறிக்கைகளில் வரும் சொற்களும் அங்கிருந்து வந்தவைதான். அவர்களுடைய பிந்தைய ஆய்வின்படி நான்கு விஷயங்கள் சேர்ந்து வந்தால் அது எண்டோமெட்ரியோமா என்று நம்பிக்கையோடு சொல்லலாம். மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்ணாக இருக்க வேண்டும். உள்ளே கிரவுண்ட் கிளாஸ் தோற்றம் இருக்க வேண்டும். கட்டிக்குள் அறைகள் ஒன்று முதல் நான்குக்குள் இருக்க வேண்டும். சுவரிலிருந்து உள்நோக்கி முளைத்த, இரத்த ஓட்டமுள்ள முடிச்சுகள் இருக்கக் கூடாது. அறிக்கையில் கிரவுண்ட் கிளாஸ் என்று மட்டும் எழுதி, மற்ற மூன்றையும் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் அது பாதி அறிக்கை. கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம், அதில் தவறொன்றும் இல்லை.

ஏமாற்றும் தோற்றங்கள்

இதே மங்கலைக் காட்டி ஏமாற்றுவதில் முதலிடம் புதிய இரத்தக்கட்டிக்குத்தான். மாதந்தோறும் முட்டை வெடித்து வெளியான இடத்தில் சில சமயம் இரத்தம் கசிந்து ஒரு கட்டியாகிவிடும். இது நோய் அல்ல, தானாகவே கரைந்துவிடும். புதிய இரத்தம் உறையும்போது உள்ளே மெல்லிய இழைகள் உண்டாவதால் ஸ்கேனில் மீன்வலை விரித்தது போலத் தெரியும். சில நாட்களில் உறைந்த பகுதி சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்கும். வலை தெரிந்தால் குழப்பமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் அந்தக் கட்டியும் சீரான சாம்பலாகவே தெரியக்கூடும். அப்போது ஒரே ஒரு ஸ்கேனை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். பிரித்துக் காட்டுவது காலம்தான். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு திரும்பப் பார்த்தால் புதிய இரத்தக்கட்டி போயிருக்கும் அல்லது நன்றாகச் சுருங்கியிருக்கும். சாக்லேட் கட்டி அப்படியே இருக்கும்.

இரண்டாவது ஏமாற்று கருவியிலேயே இருக்கிறது. எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் "கெயின்" என்ற திருகு ஒன்று உண்டு, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவது போல. அதை அளவுக்கு மேல் கூட்டினால் வெறும் நீர்க்கட்டிக்குள்ளும் பொய்யான சாம்பல் நிறம் நிரம்பிவிடும். அதிகமாகக் குறைத்தால் உண்மையான சாக்லேட் கட்டியே கறுப்பாகி, சாதாரண நீர்க்கட்டி என்று எழுதப்பட்டுவிடும். இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றை நம் ஸ்கேன் மருத்துவர் சொன்னார். அதே படத்தில் நிச்சயமாக நீர்தான் என்று தெரிந்த ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். மூத்திரப் பையோ, பக்கத்திலுள்ள சாதாரண முட்டைப் பையோ போதும். அது கறுப்பாகவும் கட்டி சாம்பலாகவும் இருந்தால் அந்தச் சாம்பல் உண்மை. இரண்டுமே சாம்பலாக இருந்தால் திருகைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கொழுப்பும் முடியும் கொண்ட டெர்மாய்ட் கட்டி, சளி போன்ற திரவம் நிறைந்த பல அறைக் கட்டி, சீழ்க்கட்டி ஆகியவையும் சில நேரம் குழப்பும். டெர்மாயிடில் பளிச்சென்ற வெள்ளைப் பகுதியும் அதன் பின்னால் நிழலும் விழும். சீழ் என்றால் பெரும்பாலும் காய்ச்சல் கூடவே இருக்கும். பிறகும் சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இரும்புச் சத்து நிறைந்த பழைய இரத்தம் அதில் ஒருவகைப் படத்தில் பளிச்சென்றும் இன்னொரு வகைப் படத்தில் இருண்டும் தெரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. ஸ்கேன் நன்றாகச் செய்யப்பட்டு தோற்றம் தெளிவாக இருந்தால் அந்தச் செலவு வேண்டாம்.

ஒரு மனுவின் கதை

அடையாளங்களை மாற்றி ஒரு மனுவைச் சொல்கிறேன். பெண்ணுக்கு 28 வயது. திருமணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. ஒவ்வொரு மாதமும் ஹைளு தொடங்கும் முன்பே வலி ஆரம்பித்து மூன்று நாள் படுக்கையில் கிடப்பார். ஸ்கேனில் வலது சினைப்பையில் 46, 41, 38 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி. ஓர் அறை, கிரவுண்ட் கிளாஸ் தோற்றம். கூடவே எடுத்த சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையில் 68 என்று வந்திருந்தது. 35-க்குள் இருக்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். "புற்றுநோய்க் குறியீடு கூடியிருக்கிறது, அடுத்த வாரமே எடுத்துவிடலாம்" என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். குடும்பம் நிலைகுலைந்து போய், ஆபரேஷன் செலவுக்கு மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டது.

நம் குழுவின் மருத்துவர் சகோதரி அறிக்கையைப் படித்துவிட்டு முதலில் அளவைத்தான் எடுத்தார். மூன்று அளவையும் பெருக்கி அதில் ஏறத்தாழ பாதியை எடுத்தால் கட்டியின் கொள்ளளவு வரும். 4.6, 4.1, 3.8 சென்டிமீட்டரைப் பெருக்கினால் சுமார் 72, அதில் பாதிக்குச் சற்று மேல் சுமார் 37 மில்லி. சாப்பாட்டு மேசைக் கரண்டியில் இரண்டரை கரண்டி. "வயிறு முழுக்கக் கட்டி என்று பயந்துவிட்டோம் டாக்டரம்மா" என்றார் பெண்ணின் உம்மா.

"அளவு சின்னதுதான்ம்மா. ஆனா வலி அளவைப் பொறுத்தது இல்ல. இதைவிடச் சின்னக் கட்டிக்கும் உங்க மகளைப் போலத் துடிக்கிறவங்க உண்டு, பெரிய கட்டி இருந்தும் ஒண்ணுமே தெரியாதவங்களும் உண்டு" என்றார் மருத்துவர்.

அடுத்து அவர் கேட்டது இரத்தம் எடுத்த தேதியை. மாதவிடாயின் இரண்டாம் நாள். சி.ஏ. 125 என்பது வயிற்றின் உள்படலம் உறுத்தப்படும்போதெல்லாம் கூடும். எண்டோமெட்ரியோசிஸில் கூடும், மாதவிடாய் நாட்களில் கூடும், கர்ப்பத்தின் தொடக்கத்திலும் கூடும். மாதவிடாய் நிற்காத இளம் பெண்ணுக்கு, சாக்லேட் கட்டியின் தோற்றம் தெளிவாக இருக்கும்போது, 68 என்ற எண் புற்றுநோய்க்குச் சாட்சி ஆகாது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் குடும்பம் இரண்டு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறது.

ஆனாலும் முதல் ஸ்கேனை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. அறிக்கையில் முடிச்சுகள் பற்றியோ இரத்த ஓட்டம் பற்றியோ ஒரு சொல் இல்லை. எட்டு வாரம் கழித்து, மாதவிடாய் முடிந்த ஆறாம் நாள், ஒரு பெண் மருத்துவரிடம் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்யப்பட்டது. கட்டி 45, 42, 38. அதாவது அசையவில்லை. ஒரு மில்லிமீட்டர் கூடுவதும் குறைவதும் அளக்கும் கையைப் பொறுத்தது, அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே கிரவுண்ட் கிளாஸ். ஆகவே அது புதிய இரத்தக்கட்டி அல்ல. சுவரில் ஓரிடத்தில் சிறு மேடு போல ஒன்று தெரிந்தது. கலர் டாப்ளரில் அதற்குள் ஓட்டம் எதுவும் இல்லை. சுவரில் ஒட்டிக் காய்ந்த இரத்தக் கட்டி அப்படித்தான் முடிச்சு போலத் தெரியும் என்று எழுதினார் மருத்துவர். அவர் இன்னொன்றையும் செய்து பார்த்தார். ஸ்கேன் கருவியால் மெதுவாகத் தள்ளி, சினைப்பை தன் இடத்திலிருந்து நழுவுகிறதா என்று கவனித்தார். வலது சினைப்பை நழுவவில்லை, கருப்பையோடு ஒட்டியிருந்தது. அந்த இடத்தைத் தொட்டபோது பெண்ணுக்கு வலித்தது. அவருடைய மாதாந்திர வலிக்கான காரணம் கட்டியின் அளவில் இல்லை, இந்த ஒட்டுதலில்தான் இருக்க வேண்டும் என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

இத்தகைய தெளிவான தோற்றமுள்ள, 10 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியில் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே இன்று ஸ்கேன் மருத்துவர்கள் பின்பற்றும் ஓ-ராட்ஸ் என்ற தரவரிசையின் கணிப்பு. ஆகவே புற்றுநோய் பயத்தால் ஆபரேஷன் தேவையில்லை என்பது முடிவானது.

எடுத்துவிட்டால் என்ன நஷ்டம்?

"எப்படியும் கெட்ட இரத்தம்தானே, எடுத்துவிட்டால் நல்லதுதானே" என்றார் மாப்பிள்ளை. நியாயமான கேள்வி. இங்கேதான் மற்றக் கட்டிகளுக்கும் இதற்கும் வேறுபாடு. டெர்மாய்ட் போன்ற கட்டிக்கு ஓரளவு தெளிவான எல்லை உண்டு. சாக்லேட் கட்டியின் சுவரோ சினைப்பையின் சதையோடு இணைந்தே இருக்கிறது. உரித்தெடுக்கும்போது கூடவே நல்ல திசுவும் கொஞ்சம் வந்துவிடும், அந்தத் திசுவில்தான் முட்டைகள் இருக்கின்றன. ஒரு பெண் தன் ஆயுளுக்கான முட்டைகளோடுதான் பிறக்கிறாள், புதிதாக உண்டாவதில்லை. கட்டியை உரித்தபின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு குறைவது நன்கு அறியப்பட்ட விஷயம். இரண்டு பக்கமும் கட்டி இருந்து இரண்டையும் உரித்தால், அல்லது ஒரே பக்கம் இரண்டாம் முறை திறந்தால், இழப்பு இன்னும் அதிகம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? அதனால்தான் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சோதனைக் குழாய் சிகிச்சைக்கு முன் குழந்தைப் பேற்றின் வாய்ப்பைக் கூட்டுவதற்கென்று இந்தக் கட்டியை வழக்கமாக அகற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தால் போதாதா என்றும் கேட்பார்கள். குழம்பு வெளியே வந்துவிடும், ஆனால் கசியும் சுவர் அங்கேயே இருக்கும். சில மாதங்களில் மறுபடி நிரம்பிவிடும். பழைய இரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டால் சீழும் பிடிக்கும்.

ஆபரேஷனே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்துக்கு அடங்காத வலி, தொடர்ந்து வளரும் கட்டி, தெளிவில்லாத தோற்றம் ஆகியவற்றுக்கு அது தேவைப்படும். செய்வதானால் முதல் தடவையே இதில் பழக்கமுள்ள கை செய்ய வேண்டும், செய்வதற்கு முன் ஏ.எம்.எச். பார்த்திருக்க வேண்டும். நாம் உதவித்தொகை கொடுக்கும்போது இந்த இரண்டையும் கேட்கத் தொடங்கியிருப்பது பணத்தை இழுத்தடிக்க அல்ல.

அந்தப் பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வலியைக் குறைக்க டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை தினமும் சாப்பிடலாம். அது திசுவை உறங்க வைத்து வலியை நன்றாகக் குறைக்கும், ஆனால் சாப்பிடும் காலத்தில் பொதுவாகக் கரு தங்காது, நிறுத்தினால் வலி திரும்பக்கூடும். குழந்தைதான் முதலில் என்றால் அந்த மாத்திரை இல்லாமல், வலி நாட்களுக்கு மட்டும் வலி மாத்திரையோடு, குழந்தைக்கான பரிசோதனைகளுக்குப் போகலாம். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏ.எம்.எச்., கருக்குழாய்ப் பரிசோதனை ஆகியவற்றோடு கணவரின் விந்துப் பரிசோதனையையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மூன்று வருடமாக அதை யாரும் எழுதிக் கொடுக்கவே இல்லை. ஆபரேஷனுக்கென்று கேட்ட தொகையில் ஒரு சிறு பங்கிலேயே இவை எல்லாம் முடிந்தன. சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மேலே சொன்ன பொறுமை எல்லாம் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு. மாதவிடாய் நின்றபின் ஒரு பெண்ணுக்குக் கிரவுண்ட் கிளாஸ் கட்டி தெரிந்தால் கணக்கே வேறு. அந்த வயதில் மாதக் கசிவு இல்லை. ஆகவே அந்த மங்கலைப் பழைய இரத்தம் என்று எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது புற்றுநோய்க்கான வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. "அறிக்கையில் சாக்லேட் கட்டி என்றுதான் போட்டிருக்கிறது" என்று 55 வயது உம்மாவை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, புற்றுநோய் அறுவை தெரிந்த மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இளம் வயதிலும் கட்டிக்குள் இரத்த ஓட்டமுள்ள முடிச்சு தெரிந்தாலோ, திடப் பகுதி புதிதாக உண்டானாலோ, அடுத்தடுத்த ஸ்கேன்களில் வேகமாக வளர்ந்தாலோ அதே விதிதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கர்ப்ப காலத்தில் சாக்லேட் கட்டியின் உட்சுவர் ஹார்மோனால் தடித்து, இரத்த ஓட்டமுள்ள முடிச்சுகளாகவே தெரியலாம். பார்ப்பதற்குப் புற்றுநோய் போலவே இருக்கும். கர்ப்பத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் கையில் இருந்தால் அந்த நேரத்தில் அது மிகப் பெரிய உதவி.

திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, வாந்தி, காய்ச்சல் வந்தால் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். கட்டி வெடித்திருக்கலாம், சினைப்பை முறுக்கியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருமணமாகாத பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் தயங்குவது பிறப்புறுப்பு வழி ஸ்கேனை நினைத்துத்தான். அவர்களுக்கு மூத்திரப் பை நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றின் மேல் செய்யும் ஸ்கேன்தான் முதலில் செய்யப்படும். பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். வயிற்றின் வழி ஒலி அதிக ஆழம் போக வேண்டியிருப்பதால் குறைந்த அலைவரிசையைப் பயன்படுத்துகிறார்கள். படம் அந்த அளவுக்குக் கூர்மையாக இராது, சிறு கட்டியின் மங்கல் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். எனவே மேல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், பிள்ளை மாதாமாதம் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போக முடியாமல் வலியில் துடித்தால், ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று சொல்லி அடக்கிவிடாதீர்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. வழி இருக்கிறது.

ஸ்கேனுக்குப் போகும்போது கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியை எழுதிக் கொடுங்கள். அறிக்கைத் தாளோடு படங்களையும் கேட்டு வாங்கி ஒரே கவரில் வையுங்கள். அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை எறிந்துவிடுபவர்கள் நம்மில் அதிகம். அடுத்த மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்தச் சாம்பல் நிறத்தைத்தான், அது படத்தில் மட்டுமே இருக்கிறது. இதுபோன்ற அறிக்கையோடு மனுக் கொடுப்பவர்கள் அந்தக் கவரையும் அலுவலகத்துக்கு எடுத்து வந்தால், நம் மருத்துவர் சகோதரி வரும் நாளில் காட்டி விளக்கம் பெற ஏற்பாடு செய்து தரப்படும். பெண்கள் தங்கள் உம்மாவோடோ சகோதரியோடோ வந்து அவரிடம் தனியாகவே பேசலாம்.